இரத்தத்தில் மீன்

புருசனை ஏமாற்றுகிறவள் என்று புஸ்பவதியை எவராவது சொன்னால் கொலோன் அகதி விடுதியே சிரித்திருக்கும். ஆனால் அந்த விடுதியின் பொதுக் குசினியில், கதவைச் சாத்திக்கொண்டு, அவள் மூன்று மாதமாகச் செய்தது அதைத்தான். மீனெண்ணெய்க் குளிசையை ஊசியால் குத்தி, இறக்கி வைத்த கத்தரிக்காய்க் குழம்பில் பிழிவாள். மணத்தை அமுக்க உள்ளியும் வறுத்த தூளும் அள்ளிப் போடுவாள்.

அவள் புருசன் தியாகராசாவின் இரத்தத்தில் கொழுப்பு அப்படி ஏறிக் கிடந்தது. குழாயில் எடுத்து வைத்தால் மேலே தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக நிற்கும். அதனால் கணையம் இரண்டு தரம் அழன்று போயிற்று. மூன்றாம் தரம் வந்தால் ஆள் மிஞ்சாது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லி, எண்ணெய்ப் பண்டத்தைக் குறைக்கச் சொல்லி, மீனெண்ணெய்க் குளிசையும் கொடுத்தார்.

அந்த மனுசன் எடுத்தால்தானே! ஊரில் மகன் குகனேசனை ஆமி பிடித்துக்கொண்டு போன அன்றே, அவன் திரும்பி வருமட்டும் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் தொடேன் என்று சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்த பிடிவாதக்காரர். "மரக்கறியிலை ஒண்டுமில்லையோ?" என்று கேட்டார்.

கேட்டது கிரிஜாவிடம். சென்னைப் பெண், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தக் கொழுப்புகளை அளக்கிறவள், இவர்களுக்காக டொக்டரிடம் மொழிபெயர்க்கிறவள். "வால்நட், ஆளிவிதை, மெக்ஸிகோவுல சியான்னு ஒரு விதை, எல்லாத்துலயும் ஒமேகா த்ரீ இருக்கு சார். ஆனா அது வேற டைப். மீன்ல இருக்கிற டைப்பா உடம்புதான் மாத்தணும். நூறு பங்குல அஞ்சாறு தேறினாலே பெரிசு. உங்க கொழுப்பை இறக்க அது போதாது. வால்நட்ல நிறைய எண்ணெய் வேற."

தியாகராசாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. ஆளிவிதையை முழுசாக விழுங்கினார். அது போன மாதிரியே வெளியில் வந்தது. பிறகு புஸ்பவதி கோப்பி அரைக்கிற மெசினில் அரைத்துக் கொடுத்தாள். நாலு வால்நட்டையும் மென்றுவிட்டு, "முருகன் பாத்துக்கொள்ளுவான்" என்பார்.

முருகன் பார்க்கவில்லை. அது புஸ்பவதிக்கு மட்டும்தான் தெரியும். அவர் இரண்டாம் தரம் ஆஸ்பத்திரியில் குழாயோடு கிடந்தபோது, லண்டனிலிருந்து அவளுடைய தம்பி விடுதித் தொலைபேசியில் கூப்பிட்டான். ஆமி முகாமிலிருந்து விடுபட்ட ஒருவன் கண்ணால் கண்டது: குகனேசன் அடி தாங்காமல் செத்துப்போனான். சொன்னால் இவரும் போய்விடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வந்தபோதெல்லாம் வெங்காயம் உரித்தாள். வருவதற்கு ஆளில்லாத நேர்த்தி ஆருக்கு என்று அவர் விடுதிக்குத் திரும்பியதும் குளிசைப் போத்தலைத் திறந்தாள்.

இன்றைக்குக் குழாயில் இரத்தம் தெளிந்திருந்தது. டொக்டர் கை குலுக்கினார்.

"பாத்தீரோ, ஆளிவிதை!" என்றார் தியாகராசா.

கிரிஜா இல்லையென்று தலையாட்டினாள். "ஆளிவிதையால இது நடக்காது சார். மீன்ல இருக்கிற அந்த டைப், ஈபிஏன்னு சொல்வோம், பல மடங்கு ஏறியிருக்கு. டிஹெச்ஏவும்தான். விதை சாப்பிட்டு அது இப்படி ஏறவே ஏறாது. நான் பிறந்ததுலேர்ந்து சைவம், என் ரத்தத்துல இதுல கால்வாசிகூட இல்லை. மீன் எடுக்க ஆரம்பிச்சுட்டீங்க போல. நல்லதுதானே!"

"மெசினிலை பிழை, பிள்ளை" என்று அவர் சிரித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிராம் தரிப்பிடம் வரைக்கும் அவர் விறுவிறென்று முன்னால் நடந்தார். அங்கே வெடித்தார். "என்ரை பிள்ளை அங்கை அடிவாங்கிக் கிடக்க, நீர் எனக்கு மச்சம் தீத்தினீரோ? நீரும் ஒரு தாயோ?"

அதையும் அவள் விழுங்கியிருப்பாள். பழகிய வயிறுதானே.

"இனி அவன் வருமட்டும் உம்மடை கைச்சோறு வேண்டாம். தண்ணியும் பல்லிலை படாது."

இதை விழுங்க ஏலாது. சொன்னதைச் செய்கிற மனுசன். செத்துப்போவார்.

"அவன் வரமாட்டான் அப்பா" என்றாள்.

டிராம் வந்து நின்றது, போனது.

"எப்ப?"

"நீங்கள் குழாயோடை கிடக்கேக்கை. தம்பி சொன்னவன்."

அவர் தரிப்பிட வாங்கில் குந்தினார். விரலை மடக்கி நாள் எண்ணி, "அப்ப முப்பத்தொண்டாம் நாளும் முடிஞ்சுது" என்றார்.

"ஓம்."

"ஒருத்தரும் படைக்கேல்லை."

"இல்லை."

"செத்த துடக்குக்குள்ளையும் எனக்கு மீன் தந்தனீர்."

"ஓம். நான் மச்சம் தொடேல்லை. அவனுக்கு நான் துடக்குக் காத்தனான். உங்களையும் காக்க வேண்டியிருந்துது."

ஐயோ, அந்த மனுசன் அழுத அழுகை! பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி எழுந்து தள்ளிப் போனாள். புஸ்பவதி கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்தாள். நீட்டவில்லை, மடியில் வைத்திருந்தாள்.

அவர் கை வந்தது. ஒரு குளிசையை வாயில் போட்டார். அது தொண்டையில் நின்றது.

"தண்ணி இருக்கோ?" என்று கேட்டார்.