இருபத்துமூன்று நிமிடம்

தாளை அவள் இரண்டு முறை படித்தாள். முதல் முறை, வேறு யாரையோ பற்றி எழுதியதைத் தன்னிடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். இரண்டாம் முறை மேலே இருந்த பெயரைச் சரிபார்த்தாள். அவளுடைய பெயர்தான். பயிற்சி நடந்த நாளும் சரி, பாடமும் சரி. அடியில் ஒரு கட்டத்துக்குள், "இன்னும் தகுதி பெறவில்லை" என்று எழுதி மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பத்தொன்பது வருடம் வெல்டராக இருந்தவள். பாய்லர் தொழிற்சாலையில் ஆள் நுழைய முடியாத மூலையில் எல்லாம் படுத்தபடி, மல்லாந்தபடி, கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தபடி பற்றவைத்தவள். கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்துபோன பிறகு, இனிக் குனிந்து வேலை செய்தால் கை மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தப் பயிற்சி மையத்துக்கு வந்தாள். ஆறு மாதமாகத் தற்காலிகப் பயிற்றுநர். தொழிற்சாலையில் எடுத்த விடுப்பு இருபத்தொன்பதாம் தேதியோடு தீர்கிறது. முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, நிரந்தரப் பட்டியல் போகும். பயிற்றுநர் சான்றிதழ் கையில் இருப்பவர்கள் பெயர் மட்டும் அதில் ஏறும்.

தொழில் தெரிந்தால் போதாது, சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டும் என்பதற்கான சான்றிதழ் அது. அதில் அவளுக்கு மறுப்பே இல்லை. பாடத்திட்டம் எழுதினாள், பயிற்சித் தாள்கள் தயாரித்தாள், தேர்வு எழுதினாள், எல்லாம் தேறின. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: நாற்பத்தைந்து நிமிட வகுப்பை அவள் நடத்த, மதிப்பீட்டாளர் கூடவே உட்கார்ந்து பார்த்து, சரிபார்ப்புத் தாளில் வரிக்கு வரி பதிவு செய்ய வேண்டும்.

கூடவே உட்கார்ந்து. அந்த இடத்தில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதிப்பீட்டாளர் ஒரு காலத்தில் எலக்ட்ரீஷியன். அன்று வகுப்பு ஆரம்பித்தபோது பட்டறையில் வெல்டிங் வெளிச்சத்தை மறைக்கும் திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்பதாவது நிமிடம் அவருடைய போன் அதிர்ந்தது. கையால் ஒரு சைகை காட்டிவிட்டு வெளியே போனார். சுவர்க் கடிகாரத்தை அவள் பார்த்தாள், ஏனென்றால் பாடத்திட்டமே நிமிடக் கணக்கில்தான் இருந்தது. அவர் திரும்பி வந்தது முப்பத்திரண்டாவது நிமிடம். இரண்டு இரும்புத் தகடுகளைச் செங்குத்தாக வைத்து மூலையில் பற்றவைப்பதுதான் பாடம். அவர் போன நேரத்தில்தான் அவள் செய்முறையை இரண்டாவது முறை மெதுவாகச் செய்துகாட்டினாள். மூன்றாவது முறை, அடுத்து என்ன, வெல்டிங் ராடு எந்தச் சாய்வில், ஏன் என்று பயிற்சிக்கு வந்திருந்த ஆறு பேரிடமும் மாற்றி மாற்றிக் கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்லச் செய்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் செய்தார்கள். அவர் வந்து உட்கார்ந்தபோது மிச்சமிருந்தது தொகுப்புரையும், இடத்தைச் சுத்தம் செய்வதும்தான்.

தாளில் அவர் எழுதியிருந்தார்: "புரிதலைச் சோதிக்கக் கேள்விகள் கேட்கவில்லை. பயிற்சியின்போது கற்போரைக் கவனித்துத் திருத்தவில்லை."

வீட்டில் சொன்னபோது அவள் கணவர், லிப்ட் மெக்கானிக், சாப்பிடுவதை நிறுத்தவில்லை. பெரிய மனுஷன், போய் நல்லவிதமாகப் பேசினால் மாற்றிக் கொடுப்பார், உன் வாயை மட்டும் கொஞ்சம் கட்டி வை என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த வீட்டில் அவள் பேசாமல் இருந்தால்தான் எல்லாரும் பயப்படுவார்கள். பாத்திரங்கள் கூடச் சத்தமில்லாமல் கழுவப்பட்டன.

பத்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று தாளின் பின்பக்கத்தில் இருந்தது. மதிப்பீட்டாளர்கள் ஒழுங்காக மதிப்பிடுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே மையத்தில் ஒரு சரிபார்ப்பு அதிகாரி உண்டு. முறையீடு அவரிடம் போகும். வகுப்பில் இருந்தவர்கள் சாட்சி எழுதித் தரலாம்.

மறுநாள் மதியம் அவள் லாரிக்காரரிடம் போனாள். இருபது வருடம் லாரி ஓட்டி, தூரப் பார்வை மங்கி உரிமம் போன பிறகு வெல்டிங் கற்க வந்தவர். வகுப்பிலேயே மூத்தவர். வேண்டுமென்றே அவளை டீச்சரம்மா என்று கூப்பிடுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மதிப்பீட்டாளரின் பரம்பரையையே ஒரு சுற்று திட்டித் தீர்த்தார். பேனாவை வாங்கினார். பிறகு எழுதாமல் நின்றார்.

"டீச்சரம்மா, நடந்ததைத்தான் எழுதுவேன். கேள்வி கேட்டீங்க, எழுதறேன். அந்தாளு வெளிய போனான், எழுதறேன். என் கையிலேர்ந்து ராடு புடிக்கிற ஹோல்டரைப் புடுங்கினீங்களே, அதையும் எழுதணுமா?"

"புடுங்கினேனா?"

"பின்ன? ஓடற வண்டியில ஸ்டீயரிங்கைப் புடுங்கின மாதிரி. நான் கிளீனர் மாதிரி பக்கத்துல நின்னேன்."

"ராடு தகடுல ஒட்டிக்கிச்சு அண்ணே. விட்டிருந்தா செவந்து போயிருக்கும்."

"ஒட்டினா ஒரு திருப்பு திருப்பு, வந்துடும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? திருப்பி எடுத்துட்டு என் கையில குடுத்திருக்கலாம். ரெண்டு அங்குலம் நீங்களே ஓட்டிட்டீங்க. அழகா இருந்துச்சு. ஆனா அது என் தகடு."

அவளுக்குக் கோபம் வந்தது. இந்த ஆளுக்காக எத்தனை நாள் வகுப்பு முடிந்தும் நின்றிருக்கிறாள். உங்களுக்கு என்ன தோணுதோ எழுதுங்க என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். கருவி அறையில் போய் உட்கார்ந்தாள். இருபத்தாறாவது நிமிடம். நினைவில் இருந்தது. லாரிக்காரர் தயங்கினார், ராடு ஒட்டியது, அவள் கை தானாகப் போனது. தொழிற்சாலையில் அப்படிப் போகாத கை கை அல்ல. ஆனால் இங்கே அது முதல் தப்பு. கற்பவர் கையில் இருப்பதைப் பயிற்றுநர் வாங்கிச் செய்யக்கூடாது என்று தேர்வில் அவளே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

முறையீட்டை இரண்டு பக்கம் எழுதினாள். முதல் பக்கம் முழுக்க நிமிட வாரியாக: யாரிடம் என்ன கேட்டாள், யார் என்ன சொன்னார்கள், மதிப்பீட்டாளரின் நாற்காலி எப்போது காலியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் இருபத்தாறாவது நிமிடம். அதை ஒரு முறை அடித்தாள். மறுபடி எழுதினாள். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலி. சரிபார்ப்பு அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசுவார். எவ்வளவு நேரம் வெளியே இருந்தீர்கள் என்று மதிப்பீட்டாளரைக் கேட்டார். ஒரே நாளில் இரண்டு இடத்தில் மூன்று வகுப்பு பார்க்க வேண்டியிருந்தது, அடுத்த இடத்திலிருந்து அழைப்பு, ஒரு ஐந்து நிமிடம் இருக்கலாம் என்றார் அவர். பட்டறை வாசலில் பதிவேடு இருக்குமே, வெளியே போனவர் போன நேரமும் வந்த நேரமும் அதில் எழுதியிருப்பாரே, எடுத்து வருகிறேன் என்று அதிகாரி எழுந்து போனார்.

கதவு சாத்திக்கொண்டது. மதிப்பீட்டாளர் தன் பையிலிருந்து புதிய சரிபார்ப்புத் தாள் ஒன்றை எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து கீழாகக் குறி போட்டுக்கொண்டு வந்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

"மேடம், இதை இவ்வளவு தூரம் இழுக்க வேணாம். பழைய தாளைக் கிழிச்சிடுவோம். இதுல எல்லாமே தகுதின்னு போட்டுட்டேன். நீங்க முறையீட்டை வாபஸ் வாங்கிக்கிட்டீங்கன்னா இன்னிக்கே ஏத்திடலாம். திங்கக்கிழமை பட்டியல்ல உங்க பேரு இருக்கும்."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். கழுத்தின் பின்பக்கம் வழக்கமான இடத்தில் வலித்தது. கையெழுத்து ஒன்று போட்டால் போதும். வீட்டில் கணவர் நிம்மதியாகச் சாப்பிடுவார். அவள் விரல் வரிகளின் மேல் நகர்ந்தது. பதினோராவது வரியில் நின்றது. "கற்பவர் தம் கையாலேயே வேலையைச் செய்து முடிக்க அனுமதித்தார்." அதற்கும் அழுத்தமாக ஒரு குறி.

"இந்த வரிக்கு எதைப் பார்த்துக் குறி போட்டீங்க?"

"அட, பத்தொன்பது வருஷ அனுபவம். உங்களைப் பத்தித் தெரியாதா?"

"நான் வெல்டருங்கறது ஊருக்கே தெரியும். அதுக்கு வேற தாள் இருக்கு, வீட்டுல சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். இதை எதைப் பார்த்துப் போட்டீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் விட்டுவிட்டார்.

"என் முறையீட்டோட ரெண்டாம் பக்கத்தைப் படிச்சீங்களா?"

அவர் பேனாவை மூடினார். படிக்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. அவளுக்கு அப்போதுதான் உடம்பு முழுக்க எரிந்தது. முதல் நாள் தாளைப் பார்த்தபோது வந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"அந்த லாரிக்காரர் கையிலேர்ந்து ஹோல்டரை நான் புடுங்கினேன். அவரை வேடிக்கை பாக்க வச்சேன். நீங்க அங்க இருந்திருந்தா, அதுக்காக என்னை நிறுத்தியிருக்கணும். நான் வாயை மூடிக்கிட்டு வாங்கியிருப்பேன். நீங்க பாக்காம ஒரு தடவை என்னைத் தப்புன்னீங்க. இப்ப பாக்காமலே சரிங்கறீங்க. ரெண்டுலயும் நான் எங்க இருக்கேன்?"

மதிப்பீட்டாளர் புதிய தாளை எடுக்கக் கை நீட்டினார். அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அதிகாரி திரும்பி வந்தபோது இருவரும் அப்படியே இருந்தார்கள். பதிவேட்டில் போன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் நடுவே இருபத்துமூன்று நிமிடம் இருந்தது. மதிப்பீட்டாளரின் சொந்தக் கையெழுத்தில். அவள் கையை எடுத்து, இரண்டாவது தாளையும் அதிகாரி முன்னால் தள்ளினாள். அது எப்படி வந்தது என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இந்த மதிப்பீடு செல்லாது என்றார். தேறவும் இல்லை, தவறவும் இல்லை. நடக்கவே இல்லை என்று கணக்கு. வேறு மதிப்பீட்டாளர், வேறு நாள், முழு வகுப்பு. இவர் சமீபத்தில் போட்ட தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவரைப் பாராமலே சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"ரெண்டாம் பக்கத்தை நீங்க எழுதலைன்னா ஹோல்டர் விஷயம் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"கூடவே உக்காந்து பாக்க வேண்டிய அவருக்கும் தெரிஞ்சிருக்காது. அதுதான் எனக்கு ஆத்திரம்."

கிடைத்த தேதி அடுத்த மாதம் ஒன்பது. அதற்கு முன்னால் ஆள் இல்லை. பட்டியலை நிறுத்தி வைக்கலாமா என்று அதிகாரி மேலே கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். அடுத்த பட்டியல் ஆறு மாதம் கழித்து. அவள் கணவருக்குப் போன் செய்து சொன்னாள். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பக்கம் லிப்ட் கதவு திறந்து மூடும் சத்தம்தான் கேட்டது.

"கழுத்து?" என்றார் கடைசியில்.

"வலிக்கும்."

திங்கட்கிழமை காலை அவள் தொழிற்சாலையில் போர்மேன் முன்னால் நின்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்ப்பவர், டீச்சர் வேலை போர் அடித்துவிட்டதா என்று கிண்டலாகக் கேட்டு, வேலைச் சீட்டை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

"ஒன்பதாம் தேதி காலையில எனக்கு லீவு வேணும்."

"வந்ததே இன்னிக்குத்தான். எதுக்கு?"

"நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு. ஒருத்தர் உக்காந்து பாக்கணும். முழுசா பாக்கணும்" என்றாள். குரல் ஏறிவிட்டது. பக்கத்தில் தகடு அறுத்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "பாத்துட்டு வேலைக்கு ஆகாதுன்னாலும் சொல்லட்டும். ஆனா பாத்துட்டுச் சொல்லணும்."

போர்மேன் லீவுப் புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார்.