நூறாம் சேனல்

கீதாவின் வாய் திறந்தபடியே நின்றுபோனது. குரல் மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடியது, பிறகு அதுவும் செத்தது. மாரப்பன் போனை உள்ளங்கையில் தட்டினார், உதறினார், ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் சாயங்காலமானால் வீடியோவில் முகம் காட்டிப் பேசுவாள். பேசுவதில் பாதி இப்படித்தான் போகும்.

படம் மறுபடி அசைந்தபோது கீதா கேட்டாள்.

"அப்பா, அந்த வேகமான நெட்டுல போடுங்க. அண்ணி லேப்டாப்புல ஓடுதில்லீங்க, அதுல."

"என்ற போன்ல அது வாரதில்ல, கண்ணு."

"அதெப்படி வராம போகும்? ஒரே ஊடு, ஒரே டப்பா. பேரை மறைச்சு வெக்க முடியுமாம்ங்க. இவுங்கதான் சொன்னாங்க." இவுங்க என்றால் அவள் புருஷன். அந்த ஆள் சொல்வதை மாரப்பன் எப்போதும் நம்பியதில்லை. அன்றைக்கு நம்பினார்.

வடவள்ளியில் அந்த அடுக்குமாடி வீட்டை வாங்கியது மகன் சுரேந்தர். வை-ஃபை டப்பாவுக்குத் தன் பேரையே வைத்துவிட்டுப் போனவனும் அவன்தான். மெதுவானது 'சுரேந்தர்', வேகமானது 'சுரேந்தர் 5ஜி'. அவன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு வீட்டில் இரண்டே பேர். மாரப்பனும் மருமகள் லோகப்பிரியாவும். பிள்ளை குட்டி இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். காதில் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் இங்கிலீஷில் பேசுவாள், நேரத்துக்கு எழுந்து வந்து இவருக்குச் சோறு போடுவாள்.

கொடுமுடியிலிருந்து அவள் அப்பா வந்து வந்து கூப்பிட்டார். "சின்ன வயசு, இன்னொரு கல்யாணம் பண்ணி வெக்கறோம், வந்துரு அம்மணி." அவள் போகவில்லை. மாமாவை யார் பார்ப்பது என்று சொல்லி அனுப்பினாள். அதை மாரப்பன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்குப் பயம்தான் வந்தது. இன்றைக்கு மாட்டேன் என்றவள் நாளைக்குச் சரி என்பாள். போய்விட்டால் தனக்கு நாதியில்லை. வெளியே சொல்ல முடியுமா? சொல்லத் தெரியாது. அதனால் அவளைக் கண்காணித்தார். யாரோடு பேசுகிறாள், எதற்குக் கதவைச் சாத்துகிறாள், எதை மறைக்கிறாள்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். 'சுரேந்தர்', 'சுரேந்தர் 5ஜி' இரண்டும் அதில் இருந்தன. தன் போனை டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துத் தேடினார். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று யார் யார் பேரோ வந்தது. 'சுரேந்தர்' வந்தது. 'சுரேந்தர் 5ஜி' மட்டும் வரவில்லை.

நெட் இணைப்புக் கொடுத்த கதிரைப் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க ஐயா, அது போன்லயே இல்லாம இருக்குமுங்க," என்றான் கதிர். "டப்பாவுல ரெண்டு அலை வருதுங்க. ரெண்டு புள்ளி நாலுன்னு ஒண்ணு. சொவத்தத் தாண்டித் தூரமாப் போகும், ஆனா மெதுவு. அஞ்சுன்னு ஒண்ணு, வேகமானது, தூரம் போகாது. சில போனுக்கு அந்த அஞ்சு கிடையாதுங்க. என்ற பழைய போன்லகூட வராது. எதுக்கும் ஒரு போன் கடையில காட்டிப் பாருங்க. நான் சாயங்காலமா வந்து பாக்கறேன்."

இதற்கு மேல் மாரப்பன் செய்தது அவருடைய தொழில் புத்தி. கவுந்தப்பாடி வெல்ல மண்டியில் ஆயுள் முழுக்க எடை போட்டவர். எடையில் சந்தேகம் வந்தால் தட்டை மாற்றிவைத்து நிறுப்பார், பிறகு கல்லை மாற்றி நிறுப்பார். தட்டும் சரி, கல்லும் சரி என்றால் அப்புறம் கள்ளம் எங்கே? நிறுக்கிற கையில். இந்தக் கணக்கு மண்டியில் அவரை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் போன் வாங்கின கடைக்கே போனார். கடைக்காரம்மா உம்மல் குல்சும் போனை வாங்கிப் பார்த்தாள்.

"இதுல அஞ்சு இருக்குதுங்களே. பாருங்க, எங்க கடையோடது வருது." வேகமான பேர் திரையில் பளிச்சென்று நின்றது. அவளே அதில் போனை இணைத்து ஒரு படத்தையும் ஓட்டிக் காட்டினாள். தண்ணி மாதிரி ஓடியது.

"அப்ப போன் நல்லாருக்குது."

"போன்ல குறை இல்லீங்க. உங்க வீட்டு டப்பாவுல செட்டிங் எப்படி வெச்சிருக்காங்கன்னு பாருங்க."

தட்டு சரி. போனில் குறை இல்லை. கல் சரி. டப்பாவிலிருந்து லேப்டாப்புக்கு வேகமானது போகிறது. மிச்சம் இருப்பது கை. செட்டிங் வைத்தது யார் என்றுகூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போதே வாய்க்குள் வசனம் தயாராகிவிட்டது. மருதமலை ரோட்டில் பஸ் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரன் ஒரு மாதிரி பார்த்தான். வாய்விட்டுத் திட்டியிருப்பார் போல.

வீட்டுக்குள் நுழைந்தபோது லோகப்பிரியா மீட்டிங்கில் இருந்தாள். திரையில் கட்டம் கட்டமாகப் பத்துப் பன்னிரண்டு முகங்கள். அவள் கையைக் காட்டி, கொஞ்சம் இருங்க மாமா என்று சைகை செய்தாள். மாரப்பன் நேராக டப்பாவிடம் போய் ஒயரைப் பிடுங்கினார்.

"மாமா! என்ன பண்றீங்க? மீட்டிங் ஓடிட்டு இருக்குதுங்க!"

"ஓடட்டும். கடையில காட்டிட்டு வாரேன். என்ற போன்ல ஒரு மசுரும் குறை இல்ல. அப்ப எதுக்கு மறைச்சு வெச்சிருக்கறே?"

"எதைங்க மாமா?"

"வேகமானதை. என்ற பையன் பேரு போட்டது. அதுல எனக்குப் பாத்தியதை இல்லையா? உனக்கு மட்டும் ஒண்ணு, கெழவனுக்குக் கழிச்சது ஒண்ணா? அதுல தெனமும் எவங்கூடப் பேசறே? எப்பக் கெளம்பலாம்னு பேசி முடிச்சிட்டயா?"

கடைசி இரண்டு கேள்வியும் பஸ்ஸில் தயாரானவை அல்ல. தானாக வந்தன.

லோகப்பிரியா காதில் இருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். லேப்டாப்பில் அவள் முகம் இல்லை, இணைப்பு இல்லை என்ற எழுத்துதான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எதையும் மறைக்கலீங்க," என்றாள். அழவில்லை. ஒரு கூச்சல் போட்டிருந்தால் மாரப்பன் பதிலுக்குக் கூச்சல் போட்டிருப்பார், இரண்டு நாளில் ஆறியிருக்கும். அவள் எழுந்துபோய் ஒயரைச் சொருகினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே போனில் பேசும் சத்தம் கேட்டது. அப்பா என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுந்தது.

சொன்னபடி சாயங்காலம் கதிர் வந்தான். மாரப்பன் அவனிடம் கடைக் கதையை ஒப்பித்தார். அவன் தலையைச் சொறிந்தான். லோகப்பிரியாவைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் கேட்டான். அவள் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். கதிர் டப்பாவின் உள்பக்கத்தைத் திரையில் திறந்தான். பார்த்ததும் தன் தொடையிலேயே அடித்துக்கொண்டான்.

"அட, நான் செஞ்சுபோட்டதுங்க இது! அக்கா, ஞாபகம் இருக்குதுங்களா? உங்க மீட்டிங் திக்கித் திக்கி நிக்குதுன்னு கூப்பிட்டீங்களே."

"ஆமாங்க."

"ஐயா, இப்படி வாங்க. அந்த அஞ்சு இருக்குதில்லீங்க, அதுக்குள்ளயே பல தடம் இருக்குது. சேனல்னு சொல்லுவோம். முப்பத்தாறுல இருந்து நாப்பத்தெட்டு வரைக்கும் ஒரு கூட்டம், நூத்தி நாப்பத்தொம்பதுக்கு மேல ஒரு கூட்டம். இந்தக் கட்டடத்துல அத்தனை ஊட்டு டப்பாவும் இந்த ரெண்டு கூட்டத்துலதான் நெரிச்சுக்கிட்டு நிக்குது. அதனால நான் அக்காவோடதை நடுவுல நூறுக்குத் தள்ளி வெச்சேன். காலித் தடம். அவங்க வேலை நல்லா ஓடுச்சு."

"சரி. என்ற போனுக்கு என்ன கேடு?"

"நடுவுல இருக்கற தடத்துல மழை மேகம் பாக்கற ரேடாரும் ஓடுமுங்க. அதுக்கு வழி விட்டுத்தான் நாம ஓட்டணும், அதுக்குன்னு சட்டதிட்டம் இருக்குது. அந்தத் தலைவலி எதுக்குன்னு சில போன் கம்பெனிக்காரன் நடுத் தடத்தையே விட்டுப்போடறான். உங்க போன் ஓரத்துல இருக்கறதைப் பாக்கும். நூறைப் பாக்காது. கடை டப்பா ஓரத்துல இருந்திருக்கும், அங்க வந்துருச்சு. லேப்டாப்பு எல்லாத்தையும் பாக்கும். யாரும் எதையும் மறைக்கலீங்க ஐயா. உங்க போன் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறதே இல்ல, அவ்வளவுதான்."

மாரப்பன் மனசுக்குள் மறுபடி எடை போட்டார். தட்டு சரி, கல் சரி, கையும் சரி. அப்படி ஒரு நிலை உண்டென்று மண்டியில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

கதிருக்கு நடந்தது தெரியாது. அவன் வேலையிலேயே இருந்தான். "இப்ப என்ன பண்றதுங்க அக்கா? முப்பத்தாறுக்கு மாத்தினா ஐயா போன்ல வந்துரும். ஆனா மறுபடி அந்த நெரிசல். உங்க மீட்டிங் திக்கும். ஐயா மெதுவானதுலயே இருந்துக்கிட்டா உங்களுக்கு நல்லது."

"வேண்டாம், வேண்டாம்," என்றார் மாரப்பன் அவசரமாக. "அது அப்படியே கெடக்கட்டும். எனக்கு மெதுவே போதும். நான் யார்கிட்டப் பேசிக் கிழிக்கப் போறேன். அம்மணி, நீ சொல்லு, அப்படியே இருக்கட்டும்."

அம்மணி என்று அவளை அவர் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று!

லோகப்பிரியா கதிரைப் பார்த்தே சொன்னாள்.

"மாத்திருங்க. இனி எனக்கு இங்க மீட்டிங் இல்லீங்க. காலையில எங்கப்பா வாராரு."

கதிர் விரலை நிறுத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டு முப்பத்தாறைப் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மாரப்பன் கையிலிருந்த போனில் அந்தப் பேர் வந்து உட்கார்ந்தது. கதிர் அதில் இணைத்துக் கொடுத்துவிட்டு, காபிகூட வேண்டாம் என்று கிளம்பினான்.

இரவெல்லாம் மாரப்பன் அவள் கதவு வரைக்கும் போனார், வந்தார். தட்டவில்லை. தட்டினால் என்ன சொல்வது? தப்பு செய்துவிட்டேன் என்கிற சொல்லை அவர் யாரிடமும் சொல்லிப் பழகவில்லை. காலையில் அவள் அப்பா வந்தார். மாரப்பனை வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் பேசினார். அது இன்னும் மோசமாக இருந்தது. லோகப்பிரியா ரசமும் பொரியலும் செய்து மூடி வைத்திருந்தாள். மாத்திரை எதை எப்போது போடுவது என்று வாய்விட்டுச் சொன்னாள். "போயிட்டு வாரேனுங்க மாமா," என்றாள். வாரேன் என்பது வழக்கத்துக்குச் சொல்கிற சொல். அது அவருக்கும் தெரியும். கார் திரும்பும் வரைக்கும் மாடியிலிருந்து பார்த்தார். கையைத் தூக்கலாமா என்று நினைப்பதற்குள் கார் போய்விட்டது.

சாயங்காலம் கீதா கூப்பிட்டாள். அவள் முகம் திரை முழுக்க வந்தது. மூக்குத்தியின் கல்கூடத் தெரிந்தது. பின்னால் அடுப்பில் பால் பொங்குவது தெரிந்தது.

"அப்பா! வேகமானது வந்துருச்சுங்களா? நாந்தான் சொன்னேன்ல, அண்ணி மறைச்சுதான் வெச்சிருப்பாங்கன்னு."

"அவ மறைக்கல, கண்ணு."

"அப்பறம் எப்படிங்க இப்ப வந்துச்சு?"

"சேனல மாத்தினாங்க."

"என்னமோ போங்க. அண்ணியக் கூப்பிடுங்க, ரெண்டு வார்த்தை பேசறேன்."

"கொடுமுடி போயிட்டா."

"அப்படிங்களா, சொல்லவே இல்ல. எப்ப வருவாங்க?"

மாரப்பன் போனை உள்ளங்கையில் தட்டினார். முன்னெல்லாம் இந்த மாதிரி நேரத்தில்தான் படம் நின்றுபோகும், நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடலாம். இன்றைக்கு நிற்கவில்லை. கீதா கண்ணை இமைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்பா? கேக்குதுங்களா? எனக்கு நீங்க நல்லாத் தெரியறீங்க. சொல்லுங்க, எப்ப வருவாங்க?"