போர்ட் திறந்துதான் இருக்கு

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் குழாய் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே ஆள் ஜபீன். 2007 கோடையில் 'டிஸ்பேட்ச் லிஸ்ட்' பக்கம் தினமும் படுத்துக்கொண்டது. எடை போட்ட லாரியின் நம்பர் அந்தப் பக்கத்தில் ஏறினால்தான் வாட்ச்மேன் ஆசீர்வாதம் கேட்டைத் திறப்பார்.

சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த பூவராகவன் சென்னையிலிருந்து ஏசி காரில் வந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"8080 போர்ட் ஓப்பன். சர்வர் நல்லா ஓடிக்கினு இருக்கு. உங்க ஆளுங்களுக்குப் பார்க்கத் தெரியல."

மேனேஜர் மணவாளன் தலையாட்டினார். இங்கிலீஷில் சொன்னால் எதற்கும் ஆட்டுவார்.

"ஓட்டல் கதவு திறந்திருந்தா சோறு வெந்துடுச்சுன்னு அர்த்தமா சார்?" என்றாள் ஜபீன். இருவரும் டீயைக் குடித்தார்கள்.

அன்றே பன்னிரண்டு வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். முதலில் nc என்ற கட்டளை, சர்வரின் வாசலான போர்ட்டைத் தட்டிப் பார்க்கும். ஐந்து நொடிக்குள் பதில் வராவிட்டால் 'போர்ட் மூடல்' என்று பதியும். வந்தால், curl பக்கத்தை இழுத்து வரும். அதில் 'டிஸ்பேட்ச் லிஸ்ட்' என்ற தலைப்பு இருக்கிறதா என்று grep தேடும்; இருந்தால் 'சரி', இல்லாவிட்டால் 'பக்கம் தவறு' என்று பதியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓட கிரானில் போட்டாள்.

ஒரு வாரத்தில் நாற்பத்தோரு முறை பதிந்திருந்தது: போர்ட் திறப்பு, பக்கம் தவறு. மணவாளன் அந்தப் பதிவையும் ஸ்கிரிப்டையும் பூவராகவனுக்கே அனுப்பிவைத்தார். மூன்றாம் நாளிலிருந்து எல்லாம் 'சரி'.

"பாத்தியாம்மா, முடிச்சுட்டாரு" என்றார் மணவாளன்.

அன்று மதியம் ஆசீர்வாதம் போன் செய்தார். "பதினோரு வண்டி நிக்குது. பக்கத்துல ஏதோ எரர்னு வருது."

ஜபீன் பக்கத்தைத் திறந்தாள். டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்ற செய்தி. அதன் கீழே காலி இடத்தில் மவுஸை இழுத்தாள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'டிஸ்பேட்ச் லிஸ்ட்' தெரிந்தது. கோளாறைத் தொடாமல், கோளாறுப் பக்கத்திலேயே அந்த வார்த்தையை ஒட்டிவிட்டிருந்தார் அந்தப் பெரிய மனிதர்.

மணவாளன் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டார். பூவராகவனின் குரலில் கூச்சமே இல்லை.

"செக் பாஸ் ஆவணும்னுதானே சார் கேட்டீங்க?"

ஜபீன் எடைமேடை கம்ப்யூட்டரின் ஃபைலிலிருந்து லாரி நம்பரை எடுத்து, அதைப் பக்கத்தில் தேடும்படி ஸ்கிரிப்டை மாற்றினாள். கடைசியாக எடை போட்ட லாரி பக்கத்தில் ஏற ஒரு நிமிடம் ஆகலாம் என்பதால், அதற்கு முந்தின லாரியின் நம்பரை எடுத்தாள். எந்த லாரி வரும் என்று எரர் பக்கத்துக்கு முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. பதிவில் மறுபடி 'பக்கம் தவறு' குவிந்தது. இந்த முறை ஸ்கிரிப்டை யாருக்கும் அனுப்பவில்லை. பதிவை மட்டும் நேராக ஹெட் ஆபீசுக்கு அனுப்பினாள்.

மறுநாளே பூவராகவன் ஓடிவந்தார். ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் ஒன்றைத் திறந்து, மூடாமலே விட்டிருக்கிறார். கனெக்‌ஷன்கள் நிரம்பியதும் டேட்டாபேஸ் கதவடைத்துக்கொண்டது. மூடுவதற்கு ஒரு வரி சேர்த்தார். அதற்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு, பிரியாணியும் சாப்பிட்டார்.

மாலையில் மணவாளனின் மெயில் எல்லோருக்கும் வந்தது. பூவராகவனின் 'துரித சேவைக்கு' நன்றி. ஜபீன் அதைப் படித்துவிட்டுப் பதிவைப் பார்த்தாள். 'சரி' என்றிருந்தது. இந்த முறை நிஜமாகவே.