ஈரக் களிமண் மூட்டை

விருத்தகிரிக்கு வலி வேறெங்கும் இல்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரே இடத்தில்தான். செராமிக் கம்பெனி வாலிபால் டீமில் எகிறி அடிப்பவன் அவன். பொங்கல் போட்டியில் ஆடினால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஆசையில்தான் மனுசன் நொண்டிக்கொண்டே குதித்தான்.

முதலில் ஒரு மாதம் சும்மா கிடந்தான். வலி போயிற்று. ஆடினான், திரும்பி வந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பயிற்சி கொடுக்கும் கமலம் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். ஓய்வில் வலி அடங்கும், தசைநாருக்குத் தெம்பு வராது, பாரத்தைப் படிப்படியாக ஏற்றினால்தான் வரும் என்றார். முதலில் சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்து அசையாமல் நிற்பது. பிறகு தோளில் பாரத்தோடு மெல்ல உட்கார்ந்து மெல்ல எழுவது, பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவது. முழு மூட்டை லேசான பிறகுதான் குதிப்பது. பயிற்சியில் கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருக்கக் கூடாது.

விருத்தகிரி கம்பெனியில் கழித்துப்போட்ட ஈரக் களிமண்ணைச் சாக்கில் கட்டி, வாசலில் வெயிலில் வைத்தான். பாதி மூட்டையில் தொடங்கி முழு மூட்டைக்கு வந்தான். முதலில் மூச்சு வாங்கியது. வாரம் போகப் போக மூட்டை லேசானது. கால் தேறிவிட்டது என்று பூரித்துப்போய், மார்கழிக் கடைசியில் மைதானத்துக்குப் போய் ஆசை தீரக் குதித்தான். உடம்பு சூடானதும் வலியே தெரியவில்லை. மறுநாள் காலை குந்தி உட்கார முடியவில்லை.

பஸ் பிடித்து ஓடினான். கமலம் ஒன்றுதான் கேட்டார்.

"மூட்டையில என்ன வச்சீங்க?"

"களிமண்ணுங்க." சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. காயக் காய மண் எடை குறையும் என்பது செராமிக் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். லேசானது கால் இல்லை, மண். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மணலை எடை போட்டுக் கட்டி மறுபடி தொடங்கச் சொன்னார். பொங்கலுக்குள் ஆகாது.

போட்டியன்று கேப்டன் மாணிக்கவேல், சூடானா வலி போயிடும், எறங்குடா என்று நச்சரித்தான். நிரந்தர வேலை கண்முன்னே நின்றது. விருத்தகிரி தலையை ஆட்டி மறுத்தான்.

"ஆடும்போது வலிக்காதுண்ணே. நாளைக்குக் காலைல வலிக்கும். அப்ப நீங்க இருக்க மாட்டீங்க."

அவன் இடத்தில் பாவாடை என்ற இன்னொரு தற்காலிகத் தொழிலாளி ஆடினான். வேலையும் பாவாடைக்கே போயிற்று. அன்று விருத்தகிரிக்குச் சோறு இறங்கவில்லை.

மணல் மூட்டையோடு வருஷம் முழுக்கப் பழகி, அடுத்த பொங்கலில் விருத்தகிரி ஆடினான், கம்பெனி ஜெயித்தது. மேனேஜர் கைகொடுத்தார். எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவனுக்குச் சிரிப்பே வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாசலில் மெல்லக் குந்தினான், எழுந்தான். மனைவி அம்சவல்லி வாசற்படியிலேயே நின்றாள்.

"வலிக்குதா?"

"இல்லடி" என்று சொல்லிவிட்டு, மறுபடி குந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.