கீழே இருப்பதை வெட்டிவிடு

"கீழ இருக்கிறத எல்லாம் வெட்டிட்டு அனுப்பு. நான் மேல எழுதுனது மட்டும்தான் அவங்களுக்குப் போகணும். புரிஞ்சுதா?"

சென்னையிலிருந்து முதலாளி ராஜ்மோகன் போனில் சொன்னதற்கு, "சரிங்க சார்" என்றாள் இளமதி.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில், மின்சார ஃப்யூஸுக்குப் பீங்கான் செய்யும் கம்பெனி அது. அதன் ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஒரே ஆள் இளமதி. முதலாளி பாதி நாள் சென்னையில்தான் இருப்பார். அங்கிருந்தே மெயிலில் கம்பெனியை நடத்துவார்.

திரையில் அந்த மெயில் திறந்திருந்தது. மேலே முதலாளி எழுதிய நற்சான்று: பழமலை நல்ல உழைப்பாளி, பதினைந்து வருடமாக அரவை மில்லில் இருக்கிறார், நம்பிக்கையானவர். அதைப் பாண்டி பக்கத்து டைல்ஸ் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அங்கே பழமலைக்கு மேஸ்திரி வேலை தயாராக இருந்தது.

அந்த நற்சான்றை முதலாளி புது மெயிலாக எழுதவில்லை. பழைய மெயில் ஒன்றுக்குப் பதிலாக எழுதியிருந்தார். அதனால் முன்பு போய் வந்த எல்லாமே அதன் அடியில் வரிசையாகத் தொங்கின.

முதலில், மூன்று மாதத்துக்கு முன் கம்பெனி ஆட்களுக்கு எக்ஸ்ரே எடுத்த கடலூர் டாக்டரின் மெயில். "பழமலையின் இரண்டு நுரையீரலிலும் கல்தூசி படிந்திருக்கிறது. உடனே அரவையிலிருந்து மாற்றுங்கள். அவரிடம் சொல்லி சிகிச்சைக்கு அனுப்புங்கள்."

அடுத்து இளமதி கேட்டது. "பழமலையிடம் சொல்லட்டுமா சார்?"

முதலாளியின் பதில். "வேண்டாம். சொன்னால் நஷ்டஈடு கேட்பான்."

கடைசியாக மறுபடியும் இளமதி. "ஓகே சார்."

எல்லாம் இங்கிலீஷில்தான் இருந்தன. அந்த மூன்று மாதமும் பழமலை அதே மில்லில் குவார்ட்ஸ் கல்தூளை அள்ளிக்கொண்டிருந்தார். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இருமினார்.

"போயிடுச்சாம்மா?" வாசலில் நின்று கேட்டார் பழமலை. கையில் பாதுஷா பொட்டலம். "அங்க குவார்ட்டர்ஸ் தராங்களாம். ஊருல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். நல்லூரே பொறாமையில வேவுது."

"இதோ அனுப்பிட்டே இருக்கேன் அண்ணே."

"ஒனக்குத்தாம்மா மொதல் பாதுஷா. நீ இல்லன்னா இந்த மெயிலு கியிலு எல்லாம் எனக்கு என்ன தெரியும்?"

அவள் வாங்கிக்கொண்டாள். அங்கே தூசி குறைவாகத்தான் இருக்கும், போனால் அவருக்கும் நல்லதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வெட்டப்போன கை நின்றது. போன மாதம் கேரளத்து ஆர்டர் ஒன்றைத் தெரியாமல் அழித்துவிட்டாள். முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார். "ஒரு எழுத்து அழிஞ்சாலும் ஒன் சம்பளத்துல புடிப்பேன்!" அனுப்புகிற மெயிலில் அழித்தால் பழைய மெயில் அழியாது என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. இங்கே வெட்டினால் டாக்டர் மெயிலும் சேர்ந்து போய்விடும் என்றே நினைத்தாள்.

ஆபீஸுக்கு வருமுன் இரண்டு வருடம் அவள், பீங்கானுக்கு மெருகுப் பூச்சு பூசும் கிளேஸ் பிரிவில் இருந்தாள். பீங்கானில் புள்ளி விழுந்தால் தூக்கிப் போட மாட்டார்கள். வெள்ளை கிளேஸை பிரஷ்ஷில் தொட்டு மேலே ஒரு தடவு தடவுவார்கள். சூளையிலிருந்து வெளியே வரும்போது புள்ளி இருந்த இடமே தெரியாது.

கீழே இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கினாள். திரையில் நற்சான்றுக்குக் கீழே சுத்தமான வெண்மை. அனுப்பிவிட்டாள்.

மாலையே முதலாளியின் போன். "ராஜினாமா டைப் பண்ணி அவங்கிட்ட கையெழுத்து வாங்கிடு. அவனா போறேன்னு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு எவனும் நம்மள கேக்க முடியாது. இருமலு அவங்க தலைவலி."

பழமலை சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அவர் புதுச் சட்டையில் டைல்ஸ் கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனியில் வைரஸுக்குப் பயந்து எந்த மெயிலையும் நிறமில்லாத வெறும் எழுத்தாகத்தான் திறப்பார்கள். வெள்ளையும் கறுப்பும் அங்கே ஒன்றுதான். இளமதி மறைத்த அத்தனையும் பளிச்சென்று தெரிந்தது. மேனேஜர் அதை அச்செடுத்து வைத்திருந்தார்.

"நுரையீரல் போன ஆள எங்க தலையில கட்டலாம்னு பாக்குறானா ஒங்க மொதலாளி?" காகிதத்தை மேசையில் வீசினார். "எடுத்துக்கிட்டுப் போய்யா. இங்க நின்னு இருமாத."

"யாருக்குங்க நுரையீரல்?" என்று கேட்டார் பழமலை.

மேனேஜர் மணியடித்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை ராஜ்மோகன் போனில் கொதித்தார். "வெட்டச் சொன்னா வெள்ளையடிச்சு அனுப்பிருக்கியே, அறிவு கெட்டவளே! அந்த மேனேஜர் எனக்குப் போன் பண்ணித் திட்டுறான்." பிறகு குரல் இறங்கியது. "ராஜினாமா கையில இருக்குல்ல?"

"இருக்குது சார்."

"அப்பச் சரி. அவன் வந்தா கேட்டுக்குள்ள விடாத. அந்தப் பேப்பர் அவங்கிட்ட இருக்கு. எப்படியாவது வாங்கிக் கிழிச்சுடு."

பழமலை மதியம் வந்தார். வாட்ச்மேன் மாயவன் கேட்டைத் திறக்கவில்லை. "நீதான் எழுதிக் குடுத்துட்டியே, அப்புறம் என்ன?" என்றான். மூன்று நாளுக்கு முன் அவர் கொடுத்த பாதுஷாவைத் தின்றவன் அவன்.

இளமதி வெளியே வந்தாள். பழமலை காகிதத்தை நீட்டினார்.

"இதுல என்னம்மா எழுதிருக்கு? எனக்கு இங்கிலீஷு தெரியாது. நீ படிச்சுச் சொல்லு."

இளமதி வாங்கினாள். மேலே நற்சான்று. அதை மட்டும் மெதுவாகத் தமிழில் சொன்னாள். நல்ல உழைப்பாளி. பதினைந்து வருடம். நம்பிக்கையானவர்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அண்ணே."

"கீழ இவ்ளோ இருக்குதே?"

"அதெல்லாம் கம்ப்யூட்டரு தானா போடுறது. ஒண்ணுமில்ல." அவள் காகிதத்தை மடித்தாள். "இது எங்கிட்டயே இருக்கட்டும் அண்ணே. பத்திரமா வச்சுக்கிறேன்."

பழமலை கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கினார். இருமல் வந்தது. அடங்கும்வரை கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலையிலயே பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டர்ல இஸ்மாயில் பாய் கிட்ட படிக்கச் சொன்னேம்மா. கடைசி வரைக்கும் படிச்சாரு. பெஞ்சில ஒக்காந்திருந்த ரெண்டு பேரும் எழுந்து தள்ளிப் போயி நின்னுக்கிட்டாங்க." காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார். "ஓம் பேரும் வந்துச்சு. அது வேற இளமதியா இருக்கும், எங்க பொண்ணு சொல்லாம இருக்காதுன்னு பாய் கிட்ட சண்ட போட்டேன். அதக் கேக்கத்தான் வந்தேன்."

இளமதி கேட்டை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"சரி. போயிட்டு வரேன்."

அவர் ரோட்டுக்குப் போய் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றார். பிறகு நடந்தார். உள்ளே போன் அடித்தது.

"பேப்பர வாங்கினியா?"

"இல்ல சார். குடுக்கல."

"நீ அனுப்புன மெயில்தான். ஓம் பேரும் அதுல இருக்கு. எவனாவது கேட்டா, எனக்குத் தெரியாது, ஆபீஸ் பொண்ணு பண்ணுன வேலைன்னு சொல்லிடுவேன். அதுக்கு நீ இங்க இருக்கக் கூடாது. ராஜினாமா ஒண்ணு டைப் பண்ணி மேசையில வச்சுட்டுக் கெளம்பு. பழமலைக்கு அடிச்ச மாதிரியே போதும்."

இளமதி உட்கார்ந்தாள். பழமலையின் ராஜினாமாவைத் திரையில் திறந்தாள். இந்த முறை வெள்ளையடிக்கவில்லை. அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் தன் பெயரை அடித்தாள்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றது போன்.

"ஓகே சார்."