பம்ப் கோடில் இரண்டு வரிகள்

அலாரத்துக்கு முன்பே விழிப்பு வந்துவிடும். அணைத்துவிட்டு எழுவேன். பல் துலக்குவேன், தண்ணீர் கொதிக்க வைப்பேன், நின்றபடியே இரண்டு துண்டு ரொட்டி சாப்பிடுவேன். சட்டையில் முன்பக்கம் மட்டும் இஸ்திரி. கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். பேருந்தில் எந்த இருக்கையானாலும் சரி.

தொழிற்சாலையில் என் வேலை திட்டமிடுவது. கம்ப்யூட்டரைத் திறந்ததும் இரவு ஷிப்டில் உண்மையில் எவ்வளவு முடிந்தது என்று ஏற்றுவேன். ஃபர்னஸ் எத்தனை தட்டு எடுத்தது, எந்த லேத் நின்றது, கிரைண்டிங்கில் எது மிச்சம். பிறகு ஷெட்யூலை ஓட்டுவேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நாளில் இருக்கிற மணிநேரத்துக்குமேல் அது வேலை வைக்காது. இடம் இல்லையென்றால் தேதியைத் தள்ளும். தள்ளிய வரி சிவப்பாகும். விற்பனைப் பிரிவுக்கு இந்தச் சிவப்பு பிடிக்காது. அவர்களுடைய தாளில் எல்லா ஆர்டரும் எல்லா வாரத்திலும் பொருந்தும், ஏனென்றால் அந்தத் தாளுக்கு ஃபர்னஸ் என்று ஒன்று இருப்பது தெரியாது.

எங்களிடம் பாகங்களைச் சூடேற்றிக் கடினமாக்கும் ஃபர்னஸ் ஒன்றுதான். இராப்பகலாக ஓடுகிறது. லேத்தில் ஓவர்டைம் போடலாம், ஃபர்னஸில் போட நேரமே கிடையாது. தொழிற்சாலையிலிருந்து எது வெளியே போனாலும் அதன் வாய் வழியாகத்தான் போகும்.

அதனால் ஒரு விதி வைத்திருந்தேன். மாஸ்டர் ஷெட்யூலில் நடப்பு வாரமும் அடுத்த வாரமும் உறைந்தவை. யாரும் தொடக் கூடாது. மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். விற்பனைத் தலைவர் போடவில்லை. அவருக்கு எங்கள் தளத்தில் ‘அர்ஜென்ட்’ என்று பெயர். அவர் வாயிலிருந்து வேறு சொல் யாரும் கேட்டதில்லை.

அவசர ஆர்டர் வராமல் இருக்காது. அதற்கென்று வாரத்துக்கு ஒரு ஃபர்னஸ் இடத்தைக் காலியாக வைக்க வேண்டும். காலி என்று எழுதி வைத்தால் அர்ஜென்ட் அதை அன்றைக்கே யாருக்காவது விற்றுவிடுவார். ஆகவே ஒரு போலி ஆர்டர் போட்டு இடத்தைப் பிடித்து வைப்பேன். மூலப்பொருள் கேட்காத ஒரு எண். லேத்துக்குப் போகாது, ஃபர்னஸில் மட்டும் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒரு வாடிக்கையாளர் கோடு, அதாவது குறியீட்டு எண், வேண்டும். மற்ற எல்லாக் கோடுக்கும் ஒரு விற்பனை ஆள் உண்டு, கேள்வி கேட்பான். விற்பனை ஆள் இல்லாத ஒரே கோடு அக்காவுடைய பம்ப் கோடு. அவர் நேராக என்னிடம்தான் பேசுவார். அந்தக் கோடில் போட்டேன். மேலாளருக்கு மட்டும் தெரியும்.

அக்கா என்றால் என் மனைவியின் அக்கா. தண்ணீர் பம்ப் பொருத்தும் சின்ன யூனிட் நடத்துகிறார். அக்காவும் தங்கையும் சேர்ந்து தொடங்கியது. இப்போது ஒருவர்தான். என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகவில்லை.

பம்ப்புக்குள் சுழலும் ஷாஃப்டுக்கான அவருடைய ஆர்டரை இரண்டு முறை தள்ளியாகிவிட்டது. இரண்டு முறையும் வேறு யாரோ சத்தம் போட்டார்கள், அக்கா போடவில்லை. இந்த முறை குடிநீர் வாரியத்துக்கான பம்ப். திங்கட்கிழமை ஆய்வாளர் வந்து பார்க்கும்போது பம்ப் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஒப்பந்தம் அடுத்தவருக்கு. ஒப்பந்தம் போனால் யூனிட்டும் போகும்.

“தம்பி, இந்த வாட்டி நிஜமா?” என்று வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டார்.

“உறைஞ்ச வாரத்துல இருக்கு அக்கா. புதன் ஃபர்னஸ், வியாழன் கிரைண்டிங். அன்னைக்கு சாயந்திரம் வண்டி அனுப்புங்க.”

“உறைஞ்சது, உருகினதுன்னு உங்க பாஷை எனக்குப் புரியாது. நான் ஆய்வாளருக்கு வாக்குக் குடுத்துடலாமா? அதைச் சொல்லுங்க.”

“குடுங்க.”

புதன் காலை அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர் இருந்தது. ஒன்றாக்க வேண்டும். பதிவு அலுவலகத்துப் பெண் பழைய தாளைப் பார்த்து, “இவங்க வரலையா?” என்றாள். இறப்புச் சான்றிதழை நீட்டினேன். முத்திரை குத்தித் திருப்பித் தந்தாள்.

மதியம் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் ஃபர்னஸ் பக்கம் போனேன். சுவர் ஓரம் தட்டுகள் அடுக்கியிருந்தன. பம்ப் ஷாஃப்ட். லேத்தில் கடைந்து முடித்து, எண்ணெய் துடைத்து, ஃபர்னஸுக்குப் போகாமல் நின்றன.

ஃபர்னஸ் ஃபோர்மேனை எல்லாரும் ‘சூடு’ என்பார்கள். கோபக்காரர் இல்லை, அவர் நிற்கும் இடம் அப்படி.

“ஏன் வெளியே நிக்குது?”

“கியர் போட்டாச்சு சார். அர்ஜென்ட் வந்து புது வரிசை குடுத்துட்டுப் போனாரு. உங்க கம்ப்யூட்டர்ல மாத்தியாச்சுன்னாரு.”

வெப்பமானியைப் பார்த்தேன். கியருக்குரிய வெப்பம். கியர் வேலை ஷாஃப்டைப் போல இல்லை. உள்ளே கார்பன் ஏற வேண்டும். வெப்பம் அதிகம், நேரமும் அதிகம். நாளைக்குத்தான் வெளியே வரும்.

“நிறுத்த முடியுமா?”

“கதவைத் திறந்தா கியர் அத்தனையும் குப்பை. அப்புறம் உங்க ஷாஃப்டோட என்னையும் சேர்த்து உள்ள போட்டுடுவாங்க.” அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். “யார் ஆர்டர் சார் இது?”

மாடிக்கு ஓடினேன்.

திரையில் தெரிந்தது. பம்ப் கோடில் இரண்டு வரிகள். புதன் ஒன்று, வியாழன் ஒன்று. புதன்கிழமை வரி அக்காவின் நிஜ ஷாஃப்ட். வியாழன் வரி போலி, காலி இடம். புதன் வரியை வாரக் கடைசிக்குத் தள்ளி அந்த இடத்தில் கியரை வைத்திருந்தார்கள். போலி அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. காத்திருக்கும் ஷாஃப்டை வெளியே வைத்துவிட்டு, இல்லாத ஆர்டருக்கு இடம் காத்திருந்தது.

அர்ஜென்ட் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“வாய்யா. கார் கம்பெனிக்காரன் லைன் நிக்குதுன்னு கத்துறான். நீ ஆளைக் காணோம். மேலாளர்தான் சொன்னாரு, பம்ப் ஆர்டரைத் தள்ளு, அதுல பிரச்சினை வராதுன்னு. தள்ளிட்டேன். அர்ஜென்ட்னா அர்ஜென்ட்.”

“கியர் எப்ப வேணும்?”

“சனிக்கிழமை.”

வியாழக்கிழமை இடத்தில் போட்டிருந்தாலும் சனிக்கிழமைக்குக் கிடைத்திருக்கும். அந்த இடமே அதற்குத்தான். ஷாஃப்டும் போயிருக்கும், கியரும் போயிருக்கும்.

“ரெண்டு வரி இருந்துச்சே, எதைத் தள்ளணும்னு கேட்டீங்களா?”

“மேல இருந்ததைத் தள்ளினேன். ஒரே ஆளுக்கு எதுக்குய்யா ரெண்டு இடம்? எனக்கு ஒண்ணு குடுக்க மூக்கால அழுவே!”

உட்கார்ந்து ஷெட்யூலை மறுபடி ஓட்டினேன். ஷாஃப்டைப் போலியின் இடத்தில் வைத்தேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். கியர் வெளியே வர வியாழன் மாலை. அதன் பிறகு ஃபர்னஸ் சூடு இறங்கி, உள்ளிருக்கும் வாயு மாறி நிலைக்க அரை ஷிப்ட். திட்டத்தில் ஷாஃப்டுக்குப் பின்னால் அதே வெப்பத்தில் தொடரும் இடமாக இருந்ததால் போலிக்கு இந்த மாற்றம் தேவைப்படவில்லை. இப்போது தேவைப்பட்டது. ஷாஃப்ட் வெள்ளிக்கிழமைதான் முடியும். அதற்குள் கிரைண்டிங்கில் அதன் வியாழக்கிழமை இடம் போயிருக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வேறு ஆர்டர்கள் உறைந்து கிடக்கின்றன. அடுத்த காலி இடம் திங்கள் மதியம். வண்டியில் ஏற செவ்வாய்.

ஆய்வாளர் திங்கள்.

பாதித் தட்டு மட்டும் போட்டுப் பார்த்தேன். ஃபர்னஸுக்குப் பாதித் தட்டும் முழுத் தட்டும் ஒரே நேரம். செவ்வாய். வெளியே வேறு ஃபர்னஸில் போடலாமா என்று பார்த்தேன். வாரியத்தின் அனுமதிப் பட்டியலில் எங்களுடையது மட்டும்தான். வரிசையை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் செவ்வாய் என்றது. கோபப்படவில்லை, விளக்கவில்லை, செவ்வாய் என்றது.

மேலாளர் அறைக்குப் போனேன்.

“சார், கிரைண்டிங்ல சனிக்கிழமை வால்வு ஆர்டர் இருக்கு. அது போய்ச் சேர வேண்டியது அடுத்த வாரக் கடைசி. அதை ரெண்டு நாள் தள்ளினா ஷாஃப்டை சனிக்கிழமை முடிச்சுடலாம். ஞாயிறு பொருத்திடுவாங்க.”

“உறைஞ்ச வாரம்.”

“காலையில உடைச்சீங்களே.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காலி இடத்தை எடுத்துக்கச் சொன்னேன். அவன் நிஜத்தை எடுத்துட்டான். காலி இடம்னு அவன்கிட்ட வாயைத் திறந்து சொல்ல முடியுமா? அடுத்த வாரத்துலருந்து அது இருக்காது. முதலாளிக்கும் போகும், ஃபர்னஸை வேணும்னே காலியா வைக்கிறாங்கன்னு.”

“அதனாலதான் சார் கேக்கிறேன். வால்வுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சிவப்புகூட வராது.”

“வால்வுக்காரன் கேக்க மாட்டான். மத்தவங்க கேப்பாங்க. பம்ப் கோடுல ரெண்டு இடம், அது யாருது? திட்டம் போடுறவனோட மச்சினி. இப்ப அவங்களுக்காக இன்னொருத்தரைத் தள்ளுறான். அர்ஜென்ட் இதை விடுவானா? ஊதி ஊதிப் பெரிசாக்குவான்.”

“அது போலி வரின்னு உங்களுக்குத் தெரியும் சார்.”

“எனக்குத் தெரியும்ப்பா.” குரலைத் தாழ்த்தினார். “நான் சொல்ல மாட்டேன். காலையில உடைச்சது கம்பெனிக்காக. இது குடும்பம்.”

கெஞ்சலாம் என்று தோன்றியது. கெஞ்சினேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, மனைவி பெயரையும் இழுத்தேன் என்று நினைக்கிறேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போன் அடித்தது, எடுத்துக்கொண்டார்.

அக்காவைக் கூப்பிட மாடிப்படிக்குப் போனேன். அவர் உடனே எடுத்தார். பின்னால் யூனிட்டின் இரைச்சல்.

“சொல்லுங்க தம்பி. சாப்பிட்டீங்களா? குரல் ஒரு மாதிரி இருக்கே.”

சொன்னேன். போலி வரியைப் பற்றியும், அதை ஏன் அவர் கோடில் போட்டேன் என்பதையும் சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லை.

“அப்ப இடம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“என் பேர்லயே இருந்துச்சு.”

“ஆமா.”

“என் பேரை ஏன் போட்டீங்க? நான் சத்தம் போட மாட்டேன்னா?”

இரைச்சல் குறைந்தது, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்திருப்பார்.

“செவ்வாய்னா செவ்வாய்தானா?”

“எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துட்டேன் அக்கா.”

“உங்க மெஷினைக் கேக்கலை தம்பி. உங்களைக் கேக்கிறேன்.”

“செவ்வாய்தான்.”

உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “வர்றேன், இரு” என்றார் அந்தப் பக்கம் திரும்பி. மூச்சு விடுவது கேட்டது.

ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையே போய்விட்டது. ஆய்வாளரிடம் அவரே உண்மையைச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரவில்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. என் மனைவியைப் பற்றி நான் பேசக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். அந்தப் போனில் அவர் திட்டியதாகவும், அழுததாகவும், பரவாயில்லை என்றதாகவும் என் மனம் ஒவ்வொரு நாள் ஒவ்வொன்றைச் சேர்த்துக்கொள்கிறது. எதுவும் நடக்கவில்லை. வைப்பதற்கு முன் அவர் சொன்னது இவ்வளவுதான்:

“ஆர்டர் போட்டது நான், எடுத்துக்கிறேன். செவ்வாய்க்கிழமை நானே வண்டி கொண்டாறேன். நீங்க கீழ வர வேண்டாம்.”