அப்பாவின் பழைய மின்னஞ்சல்

ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பாவின் பழைய மின்னஞ்சல் கணக்கில் விளம்பரங்கள்தான் குவிந்து கிடந்தன. புதுக் கணக்கு தொடங்கியதிலிருந்து அவர் அதைத் திறப்பதே இல்லை.

"இதை ஒரேயடியா மூடிடும்மா," என்றார் மகளிடம்.

"அவசரப்படாதீங்கப்பா. முதல்ல வேணுங்கிற படம், மெயில் எல்லாம் எடுத்து வச்சுக்கணும். அப்புறம் பேங்க், ஆஸ்பத்திரின்னு எல்லா இடத்துலயும் புது முகவரியைக் கொடுக்கணும். இல்லேன்னா பாஸ்வேர்ட் மறந்தா, அதை மாத்த வர்ற மெயில்கூட நம்ம கைக்குக் கிடைக்காது."

ஒவ்வொன்றாக மாற்றி முடித்ததும், பழைய ஆட்களுக்கெல்லாம் புது முகவரியைச் சொல்லி நாலு வரி அனுப்ப வைத்தாள்.

"யாருக்கும்மா என் ஞாபகம் இருக்கப்போகுது?" என்று முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார்.

மறுநாள் புதுக் கணக்குக்கு ஒரு பதில் வந்திருந்தது. அவரோடு ஆம்புலன்ஸில் வேலை பார்த்த நர்ஸ் எழுதியிருந்தார்: "அண்ணே, போன் தொலைஞ்சதுல உங்க நம்பரும் போயிடுச்சு. நீங்க நேரத்துக்குக் கொண்டு சேர்த்ததாலதான் எங்கப்பா பிழைச்சார். இன்னும் உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கார்." கீழே அவரது புது எண் இருந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

பிறகு மகள் அமைப்புகள் பகுதியில் 'கணக்கை நீக்கு' என்பதைக் காட்டினாள். அவரே பாஸ்வேர்டைப் போட்டு அழுத்தினார்.

"என் இஷ்டத்துக்கு விட்டிருந்தா நேத்தே மூடியிருப்பேன். நல்லவேளை, நீ இருந்தே," என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே நர்ஸின் எண்ணுக்குப் போன் செய்தார்.

"உங்கப்பா பக்கத்துல இருக்காராம்மா? அவர்கிட்ட குடு."